தொடங்கும் முன்பே தோற்றுப் பார்ப்பது: சொந்த இலக்குக்கு ஒரு ப்ரீமார்ட்டம்

ஒரு வேலை கெட்டுப்போன பிறகு, ஏன் கெட்டது என்று உட்கார்ந்து பேசுவதைப் போஸ்ட்மார்ட்டம் என்கிறோம். அதை வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுவதுதான் ப்ரீமார்ட்டம். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் அலுவலகக் குழுக்களுக்காக உருவாக்கிய முறை இது. 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு பரவலானது. அவர் சொல்லும் முறை மிக எளிது. திட்டத்தை எல்லோருக்கும் விளக்கிய பிறகு, தலைவர் “இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது” என்று அறிவிப்பார். ஆளாளுக்குச் சில நிமிடம் தனித்தனியாகக் காரணங்களை எழுதுவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு காரணத்தைப் படிப்பார்கள். எல்லாக் காரணமும் தீரும்வரை சுற்று தொடரும்.

குழுவுக்கான இந்த முறையை ஒற்றை ஆளின் இலக்குக்குக் கொண்டுவரும்போது சில இடங்களில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். என் சித்தி மகள் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத வேண்டும் என்பது அவள் இலக்கு. நவம்பரில் படிக்கத் தொடங்குவதாக இருந்தாள். அதற்கு முன் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து இதைச் செய்தோம்.

திட்டம் இல்லாமல் தொடங்காதீர்கள்

“குரூப் 4 பாஸ் பண்ணணும்” என்பதை வைத்து ப்ரீமார்ட்டம் செய்ய முடியாது. அது ஆசை. எந்தத் தேதிக்குள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று எழுதினால்தான் அது உடையக்கூடிய ஒரு பொருளாகும். அப்போதுதான் எங்கே உடையும் என்று தேடலாம். அரைப்பக்கம் போதும்.

அவளுடைய அரைப்பக்கம் இப்படி இருந்தது. தேர்வு ஜூலை இரண்டாம் வாரம் என்று வைத்துக்கொள்வது (2025இல் ஜூலை 12 அன்று நடந்தது). நவம்பர் 1 முதல் அதுவரை சுமார் 36 வாரம். திங்கள் முதல் சனி வரை இரவு 8 முதல் 10 வரை, ஞாயிறு 5 மணி நேரம். வாரத்துக்கு 17 மணி நேரம், மொத்தம் 612 மணி நேரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரித் திட்டங்கள் எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தோல்வியை நடந்து முடிந்ததாக எழுதுங்கள்

இந்த முறையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இங்கேதான். “என்ன தடை வரலாம்?” என்று கேட்டால் மனம் மேலோட்டமாக நாலு பதில் சொல்லிவிட்டு நின்றுவிடும். கனடாவில் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்த ஆய்வு 1994இல் வெளியானது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே முடிந்தமட்டும் கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் முடிக்க ஆனது சுமார் 55 நாள். மோசமாக நடந்தால் என்று யோசிக்கச் சொன்னபோதும் அவர்களுடைய கற்பனை நடப்பின் அளவுக்குப் போகவில்லை.

அதனால் “வரலாம்” என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும். முடிவு தெரிந்துவிட்டது, தோற்றாகிவிட்டது. ஏன் என்பதுதான் கேள்வி. டெபோரா மிட்செல், ஜே ரூசோ, நான்சி பென்னிங்டன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு விஷயம் உறுதியாக நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு விளக்கச் சொன்னால் மக்கள் கூடுதலான, குறிப்பான காரணங்களைச் சொல்கிறார்கள் என்று காட்டியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு பேசுவது காரணங்களைப் பற்றி. இதைச் செய்தால் இலக்கு கைகூடும் என்று அது சொல்லவில்லை.

செய்யும் விதம்: தாளின் மேலே முடிவு வந்த தேதியைப் போடுங்கள். அதன் கீழ் ஒரே வரியில் தோல்வியை எழுதுங்கள். என் தங்கை எழுதியது, “அடுத்த வருடம் நவம்பர். ரிசல்ட் வந்துவிட்டது. என் ரேங்க் கலந்தாய்வுக்குப் பக்கத்தில்கூட இல்லை.” பிறகு போனில் பத்து நிமிடம் டைமர் வைத்துவிட்டு, இறந்த காலத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். “படிக்க முடியாமல் போகலாம்” வேண்டாம். “டிசம்பரில் படிக்கவில்லை, ஏனென்றால்…” என்று எழுதுங்கள். அடித்துத் திருத்த வேண்டாம், ஒழுங்காக வரிசைப்படுத்தவும் வேண்டாம். மூன்றாவது நிமிடத்தில் கை நின்றுவிடும். சும்மா உட்கார்ந்திருங்கள். உபயோகமானவை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இன்னொருவரின் தாள்

தனி ஆளுக்குக் குழு கிடையாது. ஆனாலும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்வது நல்லது. நமக்குத் தெரியாத நம் பழக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். உங்களை ஊக்கப்படுத்துகிறவரைவிட, நீங்கள் முன்பு எதையாவது பாதியில் விட்டதைப் பார்த்தவரைக் கூப்பிடுங்கள். அவரும் தனியாக எழுத வேண்டும். முதலில் பேச ஆரம்பித்தால், நீங்கள் சொல்வதற்கு அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நம் வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொடங்கும் முன்பே தோல்வியைப் பேசுவது அபசகுனம். நான் விஷயத்தைச் சொன்னதும் சித்தி, “ஏம்பா, வாயில நல்ல வார்த்தை வரட்டும்” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவரிடம் ப்ரீமார்ட்டம், உளவியல் என்று விளக்கிப் புண்ணியமில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி கேட்டேன். “சித்தி, போன தடவை இவ கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தாளே, எது குறுக்க வந்துச்சு?” அதற்குப் பதில் தடையில்லாமல் வந்தது. பழைய தோல்வியைப் பற்றிப் பேச யாருக்கும் சகுனம் குறுக்கே நிற்பதில்லை. பெரியவர்களிடம் கேட்க வேண்டுமென்றால் இந்த வழியில் கேளுங்கள்.

எழுதித் தருவதற்கு அவளுடைய தோழி ஒருத்தியைக் கூப்பிட்டோம். இருவரும் ஒருமுறை இதே தேர்வுக்குச் சேர்ந்து படித்துப் பாதியில் விட்டவர்கள்.

“எந்த நாள்?” என்று கேளுங்கள்

முதல் சுற்றில் வரும் காரணங்களில் பாதி காரணமே இல்லை. “நேரம் கிடைக்கவில்லை”, “சோம்பேறித்தனம்”, “கவனம் சிதறியது” என்பவை தோல்விக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சோம்பேறித்தனத்துக்கு என்ன மாற்று ஏற்பாடு செய்வீர்கள்? சுறுசுறுப்பாக இருப்பேன் என்பீர்கள். அங்கேயே நிற்கும்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு வரியையும் எடுத்து, எந்த நாள், எந்த நேரம், எங்கே, யாரோடு என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு தேதியோ இடமோ ஆளோ வந்து நிற்கும்வரை விடக்கூடாது. என் தங்கையின் தாளில் முதல் வரியே “சோம்பேறித்தனம்”தான். எங்கள் பேச்சு இப்படிப் போனது.

“எந்த நாள்லேர்ந்து படிக்காம விட்ட?”

“நவம்பர்லயே விட்டுருப்பேன்ணா. ஒரு ஒன்பது, பத்தாம் தேதி வாக்குல.”

“அன்னிக்கு என்ன?”

“ஜிஎஸ்டிஆர்-1, மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி ரிட்டர்ன். பதினொண்ணாம் தேதி கடைசி நாள். கிளையன்ட் எல்லாம் கடைசி ரெண்டு நாள்லதான் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. வீடு வர ஒன்பதரை ஆகும்.”

“பன்னிரண்டாம் தேதி?”

“அப்புறம் 3பி ரிட்டர்ன் இருக்கே, இருபதாம் தேதி வரைக்கும்.”

“சரி, இருபத்தொண்ணாம் தேதி தொடங்கியிருக்கலாமே?”

இதற்குத்தான் அவள் கொஞ்சம் யோசித்தாள். “பத்துப் பன்னெண்டு நாள் விட்டா எல்லாம் மறந்த மாதிரி இருக்கும்ணா. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.”

தோழி சிரித்துவிட்டாள். போன தடவையும் அதுதான் நடந்ததாம். என் தங்கையின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் மூன்று இயலில் மூன்று கலரில் அடிக்கோடு, ஓரமெல்லாம் குறிப்பு. அதற்குப் பிறகு பக்கங்கள் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தன.

சோம்பேறித்தனம் என்று தொடங்கியது இரண்டு தனித்தனி காரணங்களாகப் பிரிந்துவிட்டது. ஒன்று, மாதாமாதம் 8 முதல் 20 வரை மாலை நேரம் அவள் கையில் இல்லை. இரண்டு, இடைவெளி விழுந்தால் முதல் பாடத்துக்குத் திரும்பிவிடுகிறாள். முதல் காரணத்தை ஒருவேளை அவளே கண்டுபிடித்திருப்பாள். இரண்டாவது, கேள்வியை நான்காவது தடவை கேட்டபோதுதான் வந்தது. அதுதான் அவளைக் கவிழ்த்தது என்பது என் கணிப்பு.

தோழியின் தாளில் இருந்த ஒரு வரி வேறு பக்கம் இழுத்தது. “இவ எப்பவும் கணக்குதான் போட்டுக்கிட்டு இருந்தா.” குரூப் 4 தாளில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கு அலுவலகத்தில் இருப்பவளுக்குக் கணக்கு சுலபம். சுலபமானதைச் செய்யும்போது படித்த திருப்தி கிடைக்கும். அந்தத் திருப்தி முழுவதும் 37.5 மதிப்பெண்ணுக்குள் அடங்கியது. இது அவளுடைய தாளில் இல்லவே இல்லை. இன்னொருவரை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றை மட்டும் எடுங்கள்

இரண்டு தாளிலும் சேர்த்து இருபதுக்குமேல் காரணம் வரும். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்யப் போனால் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது. ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது நடக்க நிஜமாகவே வாய்ப்பு அதிகமா? இது ஒன்று மட்டும் நடந்தாலே இலக்கு கவிழ்ந்துவிடுமா? இரண்டுக்கும் ஆம் என்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இல்லாதவற்றைத் தனியாக ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள். காலிப்பணியிடம் எத்தனை, கட்-ஆஃப் எங்கே நிற்கும், தேர்வுத் தேதி தள்ளிப்போகுமா என்பதெல்லாம் அங்கே. இவற்றைப் பற்றிப் பேசுவது சுவாரசியமாக இருக்கும். அரை மணி நேரம் போவதே தெரியாது. அதனால்தான் ஓரத்தில் ஒதுக்கச் சொல்கிறேன்.

எங்களுக்கு நின்ற மூன்று: 8 முதல் 20 வரையான இடைவெளி, முதலிலிருந்து தொடங்கும் பழக்கம், தமிழை விட்டுவிட்டுக் கணக்கில் உட்காருவது. வைகாசியில் பெரியம்மா வீட்டுக் கல்யாணமும் பட்டியலில் இருந்தது. ஒரு வாரம் போகும். ஆனால் அது ஒன்றே அவளைத் தோற்கடிக்காது. அந்த வாரத்தைக் கணக்கிலிருந்து முன்கூட்டியே கழித்துவிட்டால் முடிந்தது.

திட்டத்தில் கை வையுங்கள்

பட்டியல் போட்டதோடு நிறுத்திவிட்டால் இந்த வேலைக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று விஷயம் வேண்டும். தொடங்கும் முன் திட்டத்தில் செய்யும் ஒரு மாற்றம், அது நடக்கத் தொடங்கிவிட்டது என்று காட்டும் ஓர் அறிகுறி, அறிகுறி தெரிந்தால் செய்ய வேண்டிய ஒரு காரியம்.

முதலில் கணக்கைச் சரிசெய்தோம். 8 முதல் 20 வரை 13 நாளில் ஞாயிறு இரண்டு போக வேலை நாள் சுமார் 11. நாளுக்கு 2 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 22 மணி நேரம் போகிறது. ஜூலைக்குள் எட்டு மாதம், ஆக 176 மணி நேரம். 612இல் அதைக் கழித்தால் 436. கல்யாண வாரம், மார்ச் மாத வருடக் கடைசி வேலை இரண்டையும் கழித்தால் ஏறக்குறைய 400. திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே கிடையாது. இந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது உண்மைதான். ஆனால் 400 மணி நேரத்துக்கு என்ன படிக்கலாம் என்று அக்டோபரிலேயே தீர்மானிக்கலாம். மே மாதம் தெரிந்தால் பதற்றப்படத்தான் முடியும்.

மாதத்தை இரண்டாகப் பிரித்தோம். 21 முதல் அடுத்த 7 வரை புதுப் பாடம், மாலையில். 8 முதல் 20 வரை புதுப் பாடமே கிடையாது. காலை 5.30 முதல் 6.10 வரை பழைய வினாத்தாளில் தமிழ்ப் பகுதியிலிருந்து 25 கேள்வி, அவ்வளவுதான். காலை நேரத்தை அலுவலகம் தொடுவதில்லை. கேள்வி போட்டுப் பார்ப்பதற்கு முந்தின நாளின் தொடர்ச்சி வேண்டியதில்லை. இது இடைவெளியின் நீளத்தைக் குறைக்காது. “எல்லாம் மறந்துபோச்சு” என்ற உணர்வு வராமல் பார்த்துக்கொள்ளும். தமிழுக்கும் ஒரு பங்கு தானாகப் போய்விடும்.

முதலிலிருந்து தொடங்கும் பழக்கத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினோம். “21ஆம் தேதி புத்தகத்தைத் திறக்கும்போது, 7ஆம் தேதி சீட்டு வைத்த பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.” இப்படி “இது நடக்கும்போது இதைச் செய்வேன்” என்று நேரத்தையும் செயலையும் கட்டிவைத்தால் சும்மா உறுதி எடுத்துக்கொள்வதைவிட நன்றாகப் பலிக்கிறது என்பதை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாக்கியம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றில் தொடங்க வேண்டும். “மனம் தளரும்போது” என்று தொடங்கினால், தளர்ந்துவிட்டது என்று எந்த நிமிடத்தில் முடிவு செய்வீர்கள்? தேதி, சீட்டு, பக்கம் என்றால் சந்தேகம் இல்லை.

அறிகுறியும் அப்படித்தான். அந்தச் சீட்டையே அறிகுறியாக வைத்தோம். 25ஆம் தேதி ஆகியும் சீட்டு நகரவில்லை என்றால் திட்டம் உடையத் தொடங்கிவிட்டது. அப்போது தோழிக்கு போன் செய்து, அந்த ஞாயிறு அவள் வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்று ஏற்பாடு. கணக்கு மோகத்துக்கு ஞாயிறு இரவு ஒரு பார்வை: அந்த வாரம் தமிழுக்குக் கணக்கைவிட நேரம் குறைந்திருந்தால், அடுத்த வாரம் கணக்குப் புத்தகம் பீரோவுக்குள் போகும்.

எங்கே தடம் மாறும்

சிலருக்கு இந்தப் பயிற்சி கவலைப்படுவதற்கு ஒரு சாக்காகிவிடும். தாளில் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது, புதிதாக எதுவும் வரவில்லை, நெஞ்சு மட்டும் கனக்கிறது என்றால் அதுதான் அடையாளம். மூடி வைத்துவிடுங்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். எழுதுவதும் பேசுவதும் திட்டத்தை மாற்றுவதும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் காலத்தில் இது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு தவறு, எழுதி முடித்த பிறகும் அரைப்பக்கத் திட்டம் முன்பு இருந்தபடியே இருப்பது. ஒரு எண்ணோ ஒரு நேரமோ மாறவில்லை என்றால் நீங்கள் இன்னும் “சோம்பேறித்தனம்” மட்டத்திலேயே நிற்கிறீர்கள். “எந்த நாள்?” என்ற கேள்விக்குத் திரும்புங்கள்.

தொடங்கி நாலு வாரம் ஆனதும் கால் மணி நேரம் ஒதுக்கி அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நிஜமாக வந்த தடைகள் தாளில் இருந்தவைதானா என்று பார்த்தால் போதும். வேறு ஏதாவது வந்திருந்தால், மூன்றில் ஒன்றை அடித்துவிட்டு அதைச் சேருங்கள். என் தங்கைக்கு முதல் மாதத்தில் காலை 5.30 சரிப்படவில்லை. அந்த நேரத்தில்தான் தெருக் குழாயில் தண்ணீர் வரும், குடம் நிரப்புவது அவள் வேலை. மூன்று பேர் எழுதியும் பேசியும் இது யாருக்கும் தோன்றவில்லை. 6.15க்கு மாற்றிக்கொண்டாள்.

கடைசியாக, பத்து நிமிடத்தின் முடிவில் சிலருடைய தாளில் ஒரு வரி வரும்: “எனக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை, அப்பாவுக்காகத்தான் ஆரம்பித்தேன்.” இதற்குச் சீட்டும் டைமரும் மருந்தல்ல. “எந்த நாள்?” என்று குடையவும் கூடாது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து அந்த வரியை மட்டும் மறுபடி படியுங்கள். அப்போதும் அது உண்மையாகவே தோன்றினால், புத்தகம் வாங்கும் முன், கோச்சிங் ஃபீஸ் கட்டும் முன், அப்பாவிடம் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது.